ராக் கேட்க எந்தப் பட்டியலை நம்புவது? நான்கு வழிகள், ஒரு பரிந்துரை

வாரத்துக்கு ஒரு ஆல்பம், வருடத்துக்கு 52. ராக் இசையை ஒழுங்காகக் கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு கணக்குப் போடுகிறார்கள், போட்ட கையோடு 'எக்காலத்திலும் சிறந்த ஆல்பங்கள்' பட்டியல் ஒன்றைத் தேடிப் போகிறார்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரே பத்திரிகை 2003-ல் ஒன்றை முதலிடத்தில் வைத்திருக்கிறது, 2020-ல் வேறொன்றை வைத்திருக்கிறது, முன்பு முதலில் இருந்தது இப்போது 24-ஆம் இடத்தில் இருக்கிறது. பாட்டு மாறவில்லை, பிறகு என்ன மாறியது?

ஓட்டுப் போட்டவர்களும் ஓட்டை எண்ணிய விதமும்தான் மாறின. அதனால் எந்தப் பட்டியல் 'சரி' என்று கேட்பதைவிட, எந்தப் பட்டியல் எந்த வேலைக்கு உதவும் என்று கேட்பதுதான் பிரயோஜனம். நான் ஒப்பிட எடுத்துக்கொள்வது நான்கு: ரோலிங் ஸ்டோன் 2003, ரோலிங் ஸ்டோன் 2020, பிரிட்டனின் என்.எம்.ஈ. என்ற இசைப் பத்திரிகை பல வருடங்களில் போட்ட பட்டியல்கள், நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை வருடாவருடம் நடத்திய பாஸ் அண்ட் ஜாப் என்ற விமர்சகர் வாக்கெடுப்பு.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் 2003 பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது.

1966-ல் பால் வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவர் கிராடாடி என்று ஒரு இதழ் ஆரம்பித்தார், அப்போது அவருக்கு வயது 17. ராக் பாட்டைப் பற்றிக் கிசுகிசுவும் விற்பனை நிலவரமும் எழுதாமல், ஒரு நாவலைப் பற்றி எழுதுவது போல எழுதலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். அடுத்த வருடம் ஜூனில் பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் வந்தது. அதிலிருந்து தனிப் பாட்டு எதையும் சிங்கிளாக வெளியிடவில்லை, பாடல் வரிகளை உறையிலேயே அச்சடித்திருந்தார்கள், முழுசாக உட்கார்ந்து கேள் என்று சொல்லும் தட்டு அது. அதே 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யான் வென்னரும் ரால்ஃப் க்ளீசனும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையைத் தொடங்கினார்கள், முதல் அட்டையில் ஜான் லெனன். ஆக, பத்திரிகையும் 'ஆல்பம் என்பது ஒரு படைப்பு' என்ற நினைப்பும் கூடவே பிறந்து கூடவே வளர்ந்தவை. விமர்சனம் எழுத ஒரு உருப்படி வேண்டும், 40 நிமிட ஆல்பம் அதற்குக் கச்சிதமாக அமைந்தது. மூன்று நிமிட சிங்கிளால் வாழ்ந்த இசையெல்லாம், அதாவது ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல், டெட்ராய்டின் மோட்டவுன், பின்னால் வந்த டிஸ்கோ, இந்த அளவுகோலில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தன.

இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு 2003 பட்டியலே சாட்சி. எல்விஸ் பிரெஸ்லிக்கு 11-ஆம் இடம், சக் பெர்ரிக்கு 21, ராபர்ட் ஜான்சனுக்கு 27. மூன்றுமே பிற்காலத்தில் யாரோ தொகுத்த திரட்டுகள். ஆல்பமாக யோசிக்காத மனிதர்களை ஆல்பப் பட்டியலில் உட்கார வைக்க வேறு வழி இல்லாததால் திரட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இன்னொரு விஷயம், இந்தப் பத்திரிகைகள் பின்னாளில் தூக்கிப் பிடித்த ஆல்பங்களை வெளிவந்தபோது அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் 1969-ல் சரமாரியாகத் திட்டியது, 2003-ல் அதே ஆல்பத்துக்கு 29-ஆம் இடம் கொடுத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவின் எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட் 1972-ல் அரைமனதான விமர்சனம்தான் வாங்கியது, 2003-ல் ஏழாவது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் நிக்கோவோடு சேர்ந்து செய்த முதல் தட்டு வெளிவந்த காலத்தில் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 171-க்கு மேலே ஏறவே இல்லை, 2003-ல் 13-ஆவது. 'கேனன்' என்று அவர்கள் சொல்கிற, இதைக் கேட்காமல் ராக் தெரியும் என்று சொல்லக்கூடாது என்கிற அந்த நிலைத்த வரிசை, முதல் விமர்சனங்களால் உருவாகவில்லை. மறுவெளியீடுகள், ஆண்டு நிறைவு இதழ்கள், பட்டியல்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் உருவாயிற்று.

அதில் 1987 முக்கியமான வருடம். பீட்டில்ஸ் ஆல்பங்கள் அந்த வருடம்தான் குறுந்தகட்டில் வந்தன, சார்ஜண்ட் பெப்பர் தகடு சரியாக இருபதாம் ஆண்டு நிறைவான ஜூன் 1 அன்று. அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் தன்னுடைய இருபது வயதைக் கொண்டாட 'கடந்த இருபது ஆண்டுகளின் சிறந்த 100 ஆல்பங்கள்' என்று போட்டது, முதலிடம் சார்ஜண்ட் பெப்பருக்கு. வீட்டில் இருக்கிற இசைத்தட்டையே குறுந்தகடாக இன்னொரு முறை வாங்கத் தயாராக இருந்த, கையில் காசு வந்துவிட்ட, முப்பதைத் தாண்டிய வாசகர்கள் அப்போது நிறைய. எதை வாங்குவது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் 1986-ல் பிரிட்டனில் க்யூ என்ற பத்திரிகை வந்தது, 1993-ல் மோஜோ வந்தது. இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பட்டியல் இதழும் ஒரு மறுவெளியீடும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தால் அந்த ஆல்பம் மேலே போகும் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம்.

ரிவால்வர் கதையும் இங்கேதான் வருகிறது, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1966-ல் பிரிட்டனில் வந்த ரிவால்வரில் 14 பாட்டு. அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் வெளியிட்டதில் 11-தான். விடுபட்ட மூன்றும் முக்கியமாக லெனனுடையவை, அவற்றை முன்பே வேறொரு அமெரிக்கத் தொகுப்பில் போட்டு விற்றுவிட்டார்கள். 1987 குறுந்தகடு பிரிட்டிஷ் வடிவத்தையே எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கியது. அப்படியென்றால் அதற்கு முன்பு ரிவால்வரைப் பற்றி அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளிலும் எழுதியவர்கள் ஒரே ஆல்பத்தைப் பற்றிப் பேசவே இல்லை! எழுபதுகளின் பட்டியல்களில் சார்ஜண்ட் பெப்பருக்கு இருந்த வசதியே அது இரண்டு நாட்டிலும் ஒரே பாட்டு வரிசையோடு வந்ததுதான் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் பாதிக்கு மேல் உடன்பாடு.

சரி, முதல் வழி: ரோலிங் ஸ்டோன் 2003. 273 பேர் ஓட்டுப் போட்டார்கள். இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள், நிறுவனக்காரர்கள். ஒவ்வொருவரும் 50 ஆல்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் மதிப்பெண் முறையை வகுத்தது. முதல் பத்து இப்படி வந்தது: சார்ஜண்ட் பெப்பர், பீச் பாய்ஸின் பெட் சவுண்ட்ஸ், ரிவால்வர், பாப் டிலனின் ஹைவே 61 ரீவிசிட்டட், பீட்டில்ஸின் ரப்பர் சோல், மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன், எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட், க்ளாஷ் குழுவின் லண்டன் காலிங், டிலனின் ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட், பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம். பத்தில் ஏழு, 1965-க்கும் 1968-க்கும் இடைப்பட்டவை. பீட்டில்ஸுக்கு மட்டும் நான்கு, டிலனுக்கு இரண்டு. கறுப்பினக் கலைஞர் மார்வின் கே ஒருவர். பெண் யாரும் இல்லை, தனியாகப் பாடிய பெண் ஒருவரைப் பார்க்க 30-ஆம் இடத்தில் ஜோனி மிட்செலின் ப்ளூ வரை நடக்க வேண்டும்.

வாக்காளர்களின் வயதும் ரசனையும் இதற்குக் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் எண்ணுகிற முறைக்கும் இதில் பங்கு உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பத்து பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கு 50 மதிப்பெண், இரண்டாமிடத்துக்கு 49, இப்படியே ஐம்பதாவதற்கு 1 (இது புரிவதற்காக நான் போடும் கணக்கு, அந்த நிறுவனத்தின் சூத்திரம் இல்லை). ஓர் ஆல்பத்தை மூன்று பேர் உயிருக்குயிராக நேசித்து முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்ற ஏழு பேர் அதைக் கேட்டதே இல்லை. மொத்தம் 150. இன்னொரு ஆல்பத்தைப் பத்து பேரும் 'நல்ல ஆல்பம்தான், போட்டு வைப்போம்' என்று இருபதாவது இடத்தில் எழுதுகிறார்கள், ஆளுக்கு 31, மொத்தம் 310. யாருக்குமே முதல் காதல் இல்லாத ஒன்று இரண்டு மடங்கு மதிப்பெண்ணோடு ஜெயிக்கிறது. எல்லோரும் அறிந்தது, யாரும் எதிர்க்காதது, அதுவே மேலே வரும்.

வாக்குச்சீட்டில் எத்தனை இடம் என்பதும் விளைவை மாற்றும். பத்து ஆல்பம்தான் எழுதலாம் என்றால் பீட்டில்ஸ் ரசிகர் ஒன்றோ இரண்டோ பீட்டில்ஸ் எழுதுவார், ஒருவர் ரிவால்வர், இன்னொருவர் ஆபி ரோட் என்று ஓட்டுப் பிரியும். ஐம்பது இடம் கொடுத்தால் எதையும் தியாகம் செய்ய வேண்டாம், நான்கையும் ஐந்தையும் எழுதிவிட்டுப் போய்விடலாம். நல்ல ஆல்பம் நிறையச் செய்தவர்களுக்கு இந்த நீளச் சீட்டு கொண்டாட்டம். 2003-ன் முதல் பத்தில் நான்கு பீட்டில்ஸ் இருப்பதற்கு அவர்கள் மேதைகள் என்பது ஒரு காரணம், சீட்டின் நீளம் இன்னொரு காரணம்.

ஆக, 2003 பட்டியல் யாருக்கு? ராக் பத்திரிகை உலகம் தன்னைப் பற்றி என்ன நம்பியது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு. பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது, ஒரு இசைக்கலைஞரின் பேட்டியைக் கேட்கும்போது வந்து விழும் பெயர்களில் பெரும்பாலானவை இதில் இருக்கும். ஆனால் கேட்கிற வரிசையாக இதை எடுத்தால் சீக்கிரம் சலித்துவிடும், சொந்த அனுபவம். நான் ஒன்றிலிருந்து இறங்கிவந்தேன், நாலாவது பீட்டில்ஸ் வந்தபோது இரண்டு மாதம் எதுவுமே கேட்காமல் விட்டுவிட்டேன். பிடிக்காமல் இல்லை, அடுத்தடுத்துச் சாப்பிட்டதால் வந்த திகட்டல்.

இரண்டாவது வழி: அதே பத்திரிகையின் 2020 பட்டியல். 2012-ல் ஒரு திருத்தப் பதிப்பு வந்திருந்தாலும் அது பழைய வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரிதான், 2020-ல்தான் புதிதாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள், அதில் பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ் எல்லோரும் உண்டு. முதலிடம் மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன், அடுத்து பெட் சவுண்ட்ஸ், மூன்றாவது ஜோனி மிட்செலின் ப்ளூ, நான்காவது ஸ்டீவி வொண்டரின் சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப், பிறகு ஆபி ரோட், நெவர்மைண்ட், ரூமர்ஸ், பர்ப்பிள் ரெய்ன், பிளட் ஆன் தி ட்ராக்ஸ், பத்தாவது லாரின் ஹில்லின் தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில். பத்தும் பத்து வெவ்வேறு கலைஞர்கள். இதுதான் கேட்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம். பத்து வாரத்தில் பத்து விதமான குரல்.

இந்தப் பட்டியல் வந்தபோது எழுந்த சத்தத்தை நினைத்தால் நமக்குப் புதிதில்லை. க.நா.சு. சிறந்த நாவல்கள் என்று நாலு பெயர் எழுதினால் இங்கே வருடக்கணக்கில் சண்டை ஓடியிருக்கிறது. அங்கே ஒரு தரப்பு, அரசியல் சரிநிலைக்காக பீட்டில்ஸைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்றது. இன்னொரு தரப்பு, இத்தனை காலம் வெள்ளை ஆண்களின் கிட்டார் இசையை மட்டும் உயர்த்தி வைத்ததுதான் அரசியல், இது அதன் திருத்தம் என்றது. இரண்டாம் தரப்பின் வாதத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 'ராக்கிசம்' என்ற சொல் எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிறந்தது, 2004-ல் நியூயார்க் டைம்ஸில் கெலெஃபா சானே எழுதிய கட்டுரை அதைப் பெரிய விவாதமாக்கியது. பாட்டைத் தானே எழுதி, கிட்டாரைத் தானே வாசித்து, மேடையில் வியர்த்தால் மட்டும்தான் உண்மையான கலை என்கிற மனநிலைக்குத்தான் அந்தப் பெயர். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு டிஸ்கோவையும் ஹிப்ஹாப்பையும் அளந்தால் அவை தோற்கத்தான் செய்யும்.

பிறகு 2023 செப்டம்பரில் யான் வென்னரே ஒரு பேட்டியில் மாட்டிக்கொண்டார். ராக் மேதைகள் என்று அவர் போட்ட பேட்டித் தொகுப்பில் ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் அந்த அறிவுத் தளத்தில் பேசக்கூடியவர்களாக இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அவரே சேர்ந்து நிறுவிய ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் குழுவிலிருந்து உடனே நீக்கப்பட்டார், மன்னிப்பும் கேட்டார். 2020 வாக்கெடுப்பு நடந்தபோது பத்திரிகை அவர் கையில் இல்லை, விற்றாயிற்று. 2003-ல் அது அவருடையது. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் இதுவும் ஒரு வித்தியாசம்.

ஆனால் 2020 புரட்சி ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2017-ல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். பெண்கள் செய்த சிறந்த 150 ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது, முதலிடம் ப்ளூ, இரண்டாமிடம் லாரின் ஹில். மூன்று வருடத்தில் இரண்டும் ரோலிங் ஸ்டோனின் முதல் பத்தில். மற்றபடி 2020 பட்டியலின் குறை என்ன என்றால், ராக் மட்டும் கற்க வந்தவருக்கு இது கொஞ்சம் அகலமான சாலை. சார்ஜண்ட் பெப்பர் 24-ல் இருக்கிறது, அதற்கு மேலே 19-ல் கெண்ட்ரிக் லமாரின் டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை. எனக்கு அதில் புகார் இல்லை. கிட்டார் இசையின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போக நினைப்பவருக்கு நூல் அடிக்கடி அறுந்துபோகும், அவ்வளவுதான்.

நமக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இதில் உண்டு. லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழர் எம்.ஐ.ஏ. 2012 பதிப்பில் கலா என்ற ஆல்பத்தோடும் 2020-ல் அருளர் என்ற ஆல்பத்தோடும் இருக்கிறார். அருளர் என்பது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். கலாவில் இருக்கும் பேப்பர் ப்ளேன்ஸ், க்ளாஷ் குழுவின் பழைய பாட்டு ஒன்றின் துண்டை எடுத்து அதன் மேலே கட்டியது. அதாவது பழைய வரிசையில் எட்டாவதாக இருந்த குழுவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார்.

மூன்றாவது வழி, என்.எம்.ஈ. 1952-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய இதன் பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, வரிசையாக வைத்தால் சுவாரஸ்யம். 1974-ல் முதலிடம் சார்ஜண்ட் பெப்பர். 1985-ல் வாட்ஸ் கோயிங் ஆன். 1993-ல் பெட் சவுண்ட்ஸ். 2003-ல் தி ஸ்டோன் ரோசஸ். 2013-ல் ஸ்மித்ஸின் தி குவீன் இஸ் டெட். ஐந்து தடவை, ஐந்து வெவ்வேறு முதலிடம். 2020-ல் ரோலிங் ஸ்டோன் செய்ததைப் பெரிய அதிர்ச்சி என்று எழுதியவர்கள், அதே மார்வின் கே ஆல்பத்தை லண்டனில் 35 வருடம் முன்பே முதலில் வைத்துவிட்டார்கள் என்பதைப் பார்க்கவில்லை. பங்க் என்ற கலக ராக் வந்து அறுபதுகளின் சாமிகளைக் கேலி செய்துவிட்டுப் போன பிறகு வளர்ந்த எழுத்தாளர்கள் அந்த 1985 அலுவலகத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு பீட்டில்ஸைவிட சோல் இசை நெருக்கம். 2003-ல் உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர்களுக்கு 1989-ல் வந்த ஸ்டோன் ரோசஸ் பள்ளிக்கூட வயது ஞாபகம்.

இதே பிரிட்டனில் 1999-ல் கார்டியன் நாளிதழ் ஒரு குறும்பு செய்தது. வழக்கமாக 'சிறந்த நூறு' பட்டியல்களில் வரும் ஆல்பங்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, மீதியில் எது சிறந்தது என்று ஒரு மாற்றுப் பட்டியல் போட்டது. முதலிடம் நிக் ட்ரேக்கின் ப்ரைட்டர் லேட்டர். 1974-ல் 26 வயதில் இறந்துபோனவர், உயிரோடு இருந்தவரை அவர் தட்டுகள் விற்கவே இல்லை. நல்ல தேர்வு, ஆனால் கவனித்தால் சிரிப்பு வரும். கேனனைத் தூக்கி எறிந்த உடனே, சோகமாக, தனியாக, கிட்டாரோடு, இளவயதில் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார இளைஞரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெயர்களை மாற்றினாலும் அளவுகோல் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என்.எம்.ஈ. வரிசை, பிரிட்டிஷ் இண்டி இசை பிடித்தவருக்கு நல்ல துணை. மற்றவர்களுக்கு அதை ஒரு வருடத் திட்டமாகப் பரிந்துரைக்க மாட்டேன், அதன் பிற்காலப் பட்டியல்களில் உள்ளூர்ப் பாசம் அதிகம்.

நான்காவது வழிதான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் உழைப்பு கேட்கும். ராபர்ட் கிறிஸ்ட்காவ் வில்லேஜ் வாய்ஸில் 1971-ல் ஒரு முறையும், 1974 முதல் ஒவ்வொரு வருடமும் நடத்திய பாஸ் அண்ட் ஜாப். இதில் 'எக்காலத்திலும்' என்ற பேச்சே கிடையாது, அந்த வருடம் வந்த ஆல்பங்கள் மட்டும். ஒரு விமர்சகர் பத்து ஆல்பம் எழுதலாம், கையில் 100 மதிப்பெண். ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. மேலே போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையிலேயே நேசிக்கும் ஆல்பத்துக்கு 30 கொடுத்தால் மற்ற ஒன்பதுக்கும் சேர்த்து 70-தான் மிஞ்சும், ஆக ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எங்கிருந்தாவது பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். 'போட்டு வைப்போம்' என்ற ஓட்டுக்கு 5-தான் கிடைக்கும், காதல் ஓட்டுக்கு அதைப்போல ஆறு மடங்கு எடை. அதோடு, எல்லோரும் சில மாதம் முன்பு கேட்டதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், முப்பது வருடமாகக் கேள்விப்பட்டதைப் பற்றி இல்லை.

லாரின் ஹில்லை வைத்தே இதைச் சோதிக்கலாம். 1998 பாஸ் அண்ட் ஜாப்பில் அந்த ஆல்பத்துக்கு இரண்டாமிடம், முதலில் லூசிண்டா வில்லியம்ஸின் கார் வீல்ஸ் ஆன் எ க்ராவல் ரோட். இரண்டுமே பெண்கள் செய்தவை. ஐந்தே வருடத்தில் ரோலிங் ஸ்டோன் 2003 லாரின் ஹில்லை 300-க்கும் கீழே கொண்டு போடுகிறது. 2020-ல் அதே ஆல்பம் பத்தாவது. அதாவது வெளிவந்த வருடத்திலேயே விமர்சகர்கள் அதன் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள், 'எக்காலத்திலும்' என்ற கேள்வி வந்ததும் பயந்துபோய்ப் பழைய பெயர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். எப்போதும் சிறந்தது எது என்று கேட்டால் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்வதில்லை, சொன்னால் மரியாதை கிடைக்கும் ஒன்றைச் சொல்கிறார்கள். நானும்தான்.

வருட வாக்கெடுப்பு ஏமாறுவதும் உண்டு. 1979-ல் அங்கே ஜெயித்தது க்ரஹாம் பார்க்கரின் ஸ்க்வீசிங் அவுட் ஸ்பார்க்ஸ், நல்ல ஆல்பம்தான், ஆனால் இன்று யாரும் அந்த வருடத்தின் அடையாளமாக அதைச் சொல்வதில்லை. லண்டன் காலிங் 1979 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது, அமெரிக்காவில் 1980 ஜனவரியில். அதனால் பாஸ் அண்ட் ஜாப்பில் அது 1980-ஐ ஜெயித்தது. (ரோலிங் ஸ்டோன் ஒரு படி மேலே போய் எண்பதுகளின் மிகச் சிறந்த ஆல்பம் என்றே அதற்கு முடிசூட்டியது, பிரிட்டனில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.) வாக்காளர்கள் பெரும்பாலும் அமெரிக்க விமர்சகர்கள், ஹெவி மெட்டல் பக்கம் அவர்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை, வாய்ஸ் பத்திரிகையும் 2018-ல் மூடப்பட்டது, 2021-ல்தான் மறுபடி வந்தது.

எல்லாப் பட்டியலையும் கூட்டிச் சராசரி எடுக்கும் அக்ளெய்ம்ட் மியூசிக் போன்ற தளங்களை ஐந்தாவது வழியாகச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சேர்க்கவில்லை. ஒரு பட்டியல் இன்னொன்றைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், பத்தையும் கூட்டும்போது ஒரே ஓட்டைப் பத்து முறை எண்ணுகிறோம்.

என்னுடைய பரிந்துரை இப்படி. 52 வாரத்தில் முதல் 12-ஐ, 2003-க்கும் 2020-க்கும் நடுவே நிறைய நகர்ந்த ஆல்பங்களுக்கு ஒதுக்குங்கள். ப்ளூ 30-லிருந்து 3, பர்ப்பிள் ரெய்ன் 72-லிருந்து 8, ரூமர்ஸ் 25-லிருந்து 7. இறங்கியவற்றில் சார்ஜண்ட் பெப்பர் 1-லிருந்து 24, ஹைவே 61 நான்கிலிருந்து 18, ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட் 9-லிருந்து 38. ஏறியதில் ஒன்று, இறங்கியதில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள், யார் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது காதிலேயே விழும். மீதி 40 வாரத்துக்கு பாஸ் அண்ட் ஜாப். 1974-லிருந்து வருடத்துக்கு ஒன்று, முதலிடத்தில் இருப்பதுதான் என்று கட்டாயம் இல்லை, முதல் ஐந்தில் நீங்கள் கேள்விப்படாத பெயராகப் பார்த்து எடுங்கள். மெட்டல் வேண்டும் என்றால் நடுவில் நீங்களே நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான், இந்த நான்கு வழியிலும் அதற்குச் சரியான கவனிப்பு இல்லை.

அந்தப் பன்னிரண்டில் முதல் வாரம் மட்டும் பெட் சவுண்ட்ஸ். 2003-லும் இரண்டாமிடம், 2020-லும் இரண்டாமிடம், அசையாமல் இருக்கும் ஒன்றை முதலில் கேட்டுவிட்டால் மற்றவை எவ்வளவு அசைந்தன என்று பார்க்க ஒரு கம்பம் நட்ட மாதிரி ஆகும். ஒலியை இடம் வலம் என்று பிரிக்காத மோனோ பிரதியைத் தேடி எடுங்கள். பீச் பாய்ஸின் பிரையன் வில்சனுக்கு ஒரு காது சரியாகக் கேட்டதில்லை, 1966-ல் அவர் அந்த ஆல்பத்தை மோனோவில்தான் கலந்தார், ஸ்டீரியோ வடிவம் முப்பது வருடம் கழித்துச் செய்தது.